மூன்றும் ஐந்தும்

வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்கு அரைமணி என்றுதான் பெயர். எங்கே போனாலும் அரைமணி நேரம் பிந்தி வருவான் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவன் சோம்பேறி அல்ல. நேரம் ஓடுவது அவனுக்கு உறைக்காது. பத்து நிமிடம் என்று உட்கார்ந்தால் ஒரு மணிநேரம் கரைந்திருக்கும். முள் கடிகாரம் இன்னும் மோசம். பெரிய முள் எது, சின்ன முள் எது என்று பதற்றத்தில் குழம்பிவிடுவான்.

இதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன் சித்தப்பா. தண்ணீர் நிலையத்தில் தெருத்தெருவாக வால்வு திறந்து மூடும் வேலை அவருக்கு. ஒவ்வொரு பரீட்சைக்கும் தன் டிஜிட்டல் வாட்ச்சைக் கழற்றி அவன் கையில் கட்டிவிடுவார். "நம்பரைப் பாரு, எழுது. வேற எதையும் பாக்காத" என்பார்.

கணக்குப் பரீட்சை நடந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். வாட்ச் அவர் மணிக்கட்டில். அரைமணி வெறுங்கையோடு போய், இரண்டே கணக்கில் ஒன்றரை மணிநேரத்தைத் தொலைத்து, பாதித் தாளை வெள்ளையாகக் கொடுத்து வந்தான். தோல்வி. அடுத்த வாரம் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது மறுதேர்வு. இதிலும் தவறினால் பள்ளியில் இடமில்லை. மூட்டை தூக்கும் கிடங்கில் அவனை வேலைக்குச் சேர்க்க அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். வாட்ச் தருவதாகச் சொல்லியிருந்த வகுப்புத் தோழன் முந்தின நாள் மாலை, "அண்ணன் கட்டிட்டுப் போயிட்டான்டா" என்று கையை விரித்துவிட்டான்.

தேர்வு நாள் காலை ஆறே காலுக்கு அரைமணி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். சித்திதான் திறந்தாள்.

"சித்தி, சித்தப்பா வாட்ச் வேணும்."

வால்வு திறக்கப் போவதற்காகச் சித்தப்பா அதில் நாலு நாற்பதுக்கு அலாரம் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகும் அலமாரிக்குள்ளிருந்து அது தினமும் அடித்துக்கொண்டிருந்தது. பத்து நாளுக்கு முன்புதான் நின்றது.

"அது செத்துப்போச்சுடா."

"நான் சரி பண்றேன்."

"பண்ணுவியா?" அவள் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "பண்ணு. ஆனா மறுபடி அடிக்கணும். அது நின்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"அடிக்கும் சித்தி" என்றான். பசித்தவன் எதற்கும் தலையாட்டுவது போலத்தான் சொன்னான்.

மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் பையில் இருந்தது வாட்ச். முகப்பு வெறுமையாக இருந்தது. சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து அதில் வாட்ச்சைக் கவிழ்த்தான். பின்மூடியின் நான்கு மூலையிலும் நான்கு குட்டித் திருகாணிகள். சித்தப்பா மூக்குக் கண்ணாடிக்கு வைத்திருந்த சிறிய திருப்புளி பொருந்தியது. மூன்று கழன்றன. நான்காவது துருப்பிடித்து, திருப்புளி வழுக்கி, தலை மழுங்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு சுற்று வழுக்கினால் அது என்றைக்கும் வராது. ஒரு ரப்பர் பேண்டைத் திருகாணித் தலைமேல் விரித்து, அதன்மேல் திருப்புளியை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு மெதுவாகத் திருப்பினான். ரப்பர் பள்ளத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டது. கரகரவென்று அசைந்தது.

மூடியைத் தூக்கும்போது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று துள்ளித் தெறித்தது. எள்ளளவு கம்பிச்சுருள். எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

அதை அப்புறம் பார்க்கலாம் என்று பேட்டரியைக் கவனித்தான். வட்டமான பேட்டரியில் 2016 என்று பொறித்திருந்தது. அதைப் பிடித்திருந்த தகட்டின் கொக்கியை ஊசியால் நெம்பி, பேட்டரியை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்கு ஓடினான். கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஓர் அட்டையைக் கிழித்து நீட்டினார். 2032.

"இது இல்லண்ணே. பதினாறு வேணும்."

"எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி. வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். அகலம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழையதைவிட இரண்டு மடங்கு தடிமன். முதல் இரண்டு எண் அகலம், கடைசி இரண்டு எண் கனம் என்று அப்போது புரிந்தது. இதைப் போட்டால் மூடி மூடாது. அட்டைகளை எல்லாம் கலைத்துத் தேடி, அடியில் தூசி படிந்து கிடந்த ஒரு 2016-ஐ எடுத்தான். "காலங்காத்தால கடையையே கவுத்துட்டியே" என்றார் கடைக்காரர்.

ஏழு மணி. புதிய பேட்டரியை வைத்துத் தகட்டை மாட்டினான். முகப்பு அப்போதும் வெறுமை. பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினான். ஒன்றுமில்லை. அவ்வளவுதான், சித்தப்பாவைப் போலவே இதுவும் போய்விட்டது என்று நினைத்தான்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது தகட்டின் ஓரத்தில் AC என்ற இரண்டு எழுத்தும் அம்புக்குறியும் தெரிந்தன. அம்பு ஒரு சின்னத் துளையைக் காட்டியது. துளைக்குள் ஒரு தங்கப் புள்ளி. வகுப்பில் கால்குலேட்டர் உறைந்துபோனால் பின்னால் உள்ள துளையில் ஊசியால் குத்துவார்கள். அது போல இருக்குமோ? பேட்டரி மாறிய குழப்பத்தில் வாட்ச்சின் மூளை திணறினால், முதலிலிருந்து தொடங்கு என்று சொல்ல ஒரு வழி. சித்தியின் புருவ இடுக்கியை வாங்கி, ஒரு முனையைப் பேட்டரியின் மேற்பக்கத்தில் வைத்து, மறுமுனையால் அந்தப் புள்ளியைத் தொட்டான். இரண்டு நொடி. எடுத்தான்.

கவிழ்த்துப் பார்த்தால் முகப்பில் பன்னிரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது.

அரைமணிக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தியின் கைபேசியைப் பார்த்து, அவசரத்தில் எண்களின் உருவத்தைக் கவனிக்காமல், ஏழு இருபத்தெட்டு என்று வைத்தான். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தவன் முகம் வெளுத்தது. முப்பது என்று வரவேண்டிய இடத்தில் மூன்று ஒழுங்காக இல்லை. மேலே ஒரு கோடு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, வலப்பக்கம் கீழ்ப்பாதியில் ஒன்று. மேல்பாதியில் நிற்கவேண்டிய கோடு காணோம். பொத்தானை அழுத்தி ஐம்பது வரை ஓட்டிப் பார்த்தான். ஐந்தும் அதே உருவம்தான். மேல்பாதியில் இடப்பக்கக் கோடும் செத்திருந்தது. அந்த இரண்டு கோடும் இல்லையென்றால் மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசமே இல்லை. பரீட்சையில் முப்பதா ஐம்பதா என்று தெரியாவிட்டால் இருபது நிமிடம் காலி. பொய் சொல்லும் வாட்ச்சுக்கு வெறுங்கையே மேல்.

முழுதாகக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. கைக்கடக்கமான அந்த இயந்திரத்தைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, ஓரத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி, பச்சைச் சர்க்யூட் தகட்டைத் தூக்கினான். கீழே எண்கள் தெரியும் கண்ணாடித் துண்டு. இரண்டுக்கும் நடுவே, தகட்டின் மின்சாரத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுபோக ஒரு கம்பியும் இல்லை. தீக்குச்சியைவிட மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றுதான் இருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கறுப்புக் கோடும் ஒரு கம்பி போல. மேலும் கீழும் அழுந்தி நின்றால் போதும். வால்வுக் குழியில் எத்தனையோ முறை நனைந்த வாட்ச் அது. பட்டையின் ஓரிடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்கு, தரவா?" என்றாள் சித்தி.

"அது பிளாஸ்டிக்கைத் தின்னுடும் சித்தி. ஸ்பிரிட் இருக்கா?"

அவள் தயங்கினாள். சித்தப்பாவின் கால் புண்ணுக்குக் கட்டுப்போட வாங்கிய பாட்டில் ஜன்னலோரம் அப்படியே இருந்தது. எடுத்து வந்து மூடியைத் திறந்ததும் அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது.

பல்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி நனைத்து, பட்டையின் இரு விளிம்பையும் துடைத்தான். கண்ணாடி ஓரத்தையும் துடைத்தான். தகட்டின் தங்கப் புள்ளிகளை பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துத் தூள் ஊதினான். விரல் படாமல், இடுக்கியால் பட்டையைத் தூக்கி அதன் பள்ளத்தில் நேராக நிறுத்தினான். முதல்முறை பட்டை சாய்ந்து எல்லா எண்களும் கோணின. மறுபடி கழற்றினான். இரண்டாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கிகளை ஒரே சீராக அழுத்தினான். AC புள்ளியைத் தொட்டு, எண்களை ஓட்டிப் பார்த்தான். மூன்று மூன்றாக இருந்தது. ஐந்து ஐந்தாக இருந்தது.

கைபேசியைப் பார்த்து மணியை மறுபடி வைத்தான். எட்டு இருபது. இனி அந்தக் கம்பிச்சுருள்.

பின்மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த பித்தளை வில்லையைப் பார்த்ததும் அது எதற்கென்று புரிந்தது. தகட்டிலிருந்து அந்த வில்லைக்குத் துடிப்பைக் கொண்டுபோவது அந்தச் சுருள்தான். வில்லை அதிர்ந்தால் பீப் சத்தம். சுருள் இல்லாமல் மணி ஓடும், அலாரம் மட்டும் அடிக்காது. இருவரும் முட்டி போட்டுத் தரையைத் தடவினார்கள். பாயை உதறினார்கள். எட்டு நாற்பது ஆயிற்று. பள்ளிக்கு நடந்துபோக நாற்பது நிமிடம். ஒன்பதரைக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

"சித்தி" என்றான். "கிடைக்கல."

"அப்ப அடிக்காதா?"

"அடிக்காது. நான் சொன்னது பொய்யாப் போச்சு."

அவள் தரையில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்தாள். அவனுக்கு அந்தக் கணம் வாட்ச்சைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடலாமா என்றிருந்தது.

"மூடு" என்றாள் கடைசியில். "தண்ணி போகாம மூடு. நேரமாச்சு."

மூடியின் ரப்பர் வளையத்தில் துளி வாஸ்லின் தடவிப் பள்ளத்தில் பதித்து, நான்கு திருகாணிகளையும் முடுக்கினான். அவளே அவன் கையில் கட்டிவிட்டாள். வார் பெரிது. கடைசித் துளையிலும் தொளதொளத்தது.

தேர்வு அறையில் கண்காணிப்பாளராக வந்த டீச்சர் அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். "என்ன இது? கால்குலேட்டரா? சத்தம் வருமா?"

"மணி மட்டும்தான் மிஸ். சத்தமே வராது."

அவர் பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

பத்துக் கணக்கு, மூன்று மணிநேரம். பத்து மணியிலிருந்து கணக்குக்குப் பதினெட்டு நிமிடம் என்று கேள்வித்தாளின் ஓரத்தில் முடிவு நேரங்களை எழுதிக்கொண்டான். நேரம் வந்தால் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினான். விடுவது ஒவ்வொரு முறையும் பல்லைப் பிடுங்குவது போலிருந்தது. ஆறாவது கணக்கில்தான் உறைத்தது, தொடக்க மணி அடித்தபோது வாட்ச்சில் ஒன்பது ஐம்பத்தேழு. பள்ளி மணி மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது. அப்படியானால் முடிவும் முந்தித்தான். எழுதிய நேரங்களையெல்லாம் அடித்து மூன்று மூன்று நிமிடமாகக் குறைத்தான். பத்தாவது கணக்கில் வரைபடத்தின் அச்சுகளைக் கீறி நான்கு புள்ளி வைத்திருந்தபோது மணி அடித்தது. கோடு போட முடியவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பள்ளிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் அதிகம். அம்மா வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். பட்டியலில் அவன் எண்ணை விரலால் தொட்டு, இரண்டு முறை வாசித்தாள்.

"பாஸா?"

"பாஸ்மா."

"கிடங்குக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள். கூட்டத்திலிருந்து விலகி நடக்கும்போதுதான் அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை வாங்கித் தான் மாட்டிக்கொண்டான்.