வலப்பக்கம் மின்னிய பொட்டு

ஆனைக்குட்டத்தில் ஒரு பெண்பிள்ளையின் நெற்றியில் குண்டு பாய்ந்துவிட்டது என்ற சேதி சிவகாசி டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. சொன்னவர் நேரில் பார்க்கவில்லை. அவருடைய மச்சினனுக்கு வேன் டிரைவர் சொன்னதாம்.

"நேரா நடு நெத்தியில. ரத்தம்கூட பளபளன்னு நிக்குதாம்."

"ஐயையோ. பொழச்சுருச்சா?"

"பொழைக்கவா? காதுகுத்து பேனர்ல பேரன இடுப்புல வச்சுக்கிட்டு நிக்குதாம்!"

கடையே சிரித்தது. சங்கிலிமுத்து மட்டும் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். டீ ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. அந்தக் குண்டைச் சுட்டவரே அவர்தான்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு காலண்டர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருக்கிறார். வெளியூரிலிருந்து வாங்கும் மாடல் படங்களில் பெண்கள் மொட்டை நெற்றியும் வெறுங்கையுமாக வந்து இறங்குவார்கள். பொட்டு, வளையல், மருதாணி எல்லாம் வைத்து, மளிகைக்கடைச் சுவரில் தொங்கும் தகுதியைக் கொடுத்து அனுப்புவது அவர் வேலை. "ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் வளையல் போட்டு விடுறீக, எனக்குத்தான் ஒரு டஜன் வாங்க நேரமில்ல" என்பது மனைவி அய்யம்மாளின் நிரந்தரப் புகார். புகாரில் நியாயம் இருந்ததால் அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

காதுகுத்து பேனர் அச்சக வேலை அல்ல. பிளக்ஸ் கடை பிரபாகரன் தீபாவளி சீசனில் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணே, ஒரு பொட்டு மட்டும்" என்று கெஞ்சினான். பட்டாசுப் பெட்டி லேபிள்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. பொட்டு, வளையல் படங்களைச் சேர்த்து வைத்திருந்த தன் ஃபோல்டரிலிருந்து பொட்டு ஒன்றை இழுத்து அந்த அம்மாளின் நெற்றியில் போட்டார். ஆறு நிமிடம். எட்டடி பேனரில் அது என்ன ஆகும் என்று யோசிக்க ஏழாவது நிமிடம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நெற்றியே அறைக்குள் நடந்து வந்தது. பொன்னுத்தங்கம். பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம். பின்னால் மகன் பாண்டிராஜ். வருகிற வியாழக்கிழமை அவன் அப்பா வேலுச்சாமிக்கு அறுபதாம் கல்யாணம். பேனருக்குப் படம் வேண்டும். பிரபாகரன் கடைப் பக்கமே அந்த அம்மாள் போக மாட்டாள் என்பதால் காலண்டர்காரரிடம் வந்திருக்கிறார்கள்.

"போன தடவ எவனோ கண்ணு தெரியாத பய வச்ச பொட்டுல ஊரே சிரிச்சுப்போச்சு தம்பி. கம்பெனி வேன்ல ஏறுனா 'குண்டடிபட்ட அக்கா வந்துட்டாக, எடம் விடுங்க'ங்காளுக. இந்தத் தடவ நான் பாத்துச் சரின்னு சொல்லாம மிசின்ல ஏத்தக்கூடாது. ஏத்துனா மணமேடையில உக்கார மாட்டேன். இவன் அப்பா தனியா உக்காந்து தாலியத் தானே கட்டிக்கட்டும்."

"செய்வாக அண்ணே" என்றான் பாண்டிராஜ், கவலையோடு.

கொண்டுவந்த படம் கைப்பேசியில் எடுத்தது. வேலை முடிந்து கம்பெனி வெளிவாசலில், வேனின் சன்னல் கம்பியை உயரப் பிடித்தபடி, யாரோ சொன்ன கெட்ட வார்த்தைக்கு வாய்விட்டுச் சிரிக்கிறாள். வெடிமருந்து அறைக்கு வளையல் போட்டுப் போக முடியாது, அதனால் வெறுங்கை. பொட்டு வியர்வையோடு போய்விட்டது. முகம் சற்றே திரும்பியிருக்கிறது. சாயங்கால வெயில் இடப்பக்கமிருந்து கன்னத்தில் விழுகிறது.

"வேற போட்டோ இல்லியா?"

"கல்யாணம் ஆனதுலருந்து நான் சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதான். குங்குமம் வையி, கண்ணாடி வளையல் போடு, மருதாணி இடு."

"எம் பொண்டாட்டி மெஹந்தி டிசைன் கேட்டா அண்ணே, முழங்கை வரைக்கும்" என்றான் பாண்டிராஜ்.

"ஏலே, நான் என்ன கல்யாணப் பொண்ணாலே?"

"கல்யாணப் பொண்ணுதானம்மா!"

ஒரு மாதிரிப் படம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சங்கிலிமுத்து அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்தார். கை பழக்கத்தில் ஓடியது. ஃபோல்டரைத் திறந்தார். மருமகள் கேட்ட டிசைனைக் கையில் ஒட்டினார். வளையல்களை மணிக்கட்டில் அடுக்கினார். பொட்டை இழுத்து நெற்றியில் வைத்தார்.

பொன்னுத்தங்கம் திரைக்கு அருகில் குனிந்தாள்.

"கையில என்ன, ஜன்னல் திரையச் சுத்தி விட்டுருக்கீக?"

அவர் படத்தை மணிக்கட்டுப் பக்கம் நகர்த்தினார்.

"கைய ஒசரத் தூக்கினா வளையல் கீழ எறங்காதா? பசையா போட்டு ஒட்டிருக்கு?"

பாண்டிராஜ் சிரிப்பை அடக்கினான். அவள் விரல் நெற்றிக்குப் போனது.

"வெயிலு இந்தப் பக்கம் அடிக்குது. பொட்டு அந்தப் பக்கம் மின்னுது. குங்குமம் மின்னுமா மொதல்ல?" சட்டென்று நிறுத்தினாள். கண் சுருங்கியது. "ஏலே பாண்டி, இது அதே பொட்டுலே! வலப்பக்கம் அதே வெள்ளப் புள்ளி. மூணு மாசமா தெனம் வேன்ல போறப்ப பாத்துருக்கேன், எனக்குத் தெரியாதா?"



"நான்தாம்மா அது" என்றார் சங்கிலிமுத்து. "சீசன்ல அவசரத்துல…"

பொன்னுத்தங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சுட்டவன்கிட்டயே வைத்தியத்துக்கு வந்துருக்கேன் பாரு" என்றாள். எழுந்தாள். "சரி. ஆளு தெரிஞ்சுபோச்சு, இனிமே தப்பிக்க முடியாது. புதுசா வையிங்க. அந்தப் பொட்ட மொதல்ல அழிச்சுத் தொலைங்க."

அவர்கள் போனபின் ஃபோல்டரையே அழித்தார். இருபத்திரண்டு வருடச் சேமிப்பு. விரல் ஒருமுறை தயங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலை முழுதும் அந்த ஒரு படம். நெற்றி பலகை இல்லை, குடத்தின் வயிறு. முகம் திரும்பியிருப்பதால் வட்டத்தை ஒருபக்கம் ஒடுக்கி, நெற்றியின் வளைவுக்கு வளைத்தார். தோலின் சுருக்கமும் துளையும் குங்குமத்தினூடே தெரியும்படி நிறத்தை 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையில் சேர்த்தார். பொடிக்கு வெட்டிய விளிம்பு கிடையாது, அதனால் ஓரத்தை உதிரவிட்டார். மினுக்கம் இல்லை. வெயில் படாத பக்கம் மட்டும் ஒரு சாயல் கருமை.

வளையல்களை மணிக்கட்டிலிருந்து இறக்கி, முழங்கைப் பக்கம் சதை தடுக்கும் இடத்தில் நிறுத்தினார். ஒவ்வொன்றின் பின்பாதியும் கைக்குப் பின்னால் மறைந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே தோலில் மெல்லிய நிழல், இடப்பக்கம் ஒரே இடத்தில் வெயில் கீற்று. மருதாணிக்கு டிசைனே இல்லை. விரல் நுனிகளுக்குத் தொப்பி மட்டும். நகத்தின் மேலும் ஏறி, மடிப்பில் அடர்ந்து, விரல் திரும்பும் இடத்தில் வெளிச்சத்தோடு மங்கியது. எட்டடிக்குப் பெரிதாக்கிப் பார்த்தார். அவளே இட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்கு அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். ஒற்றை டிக்கோடு நின்றது. அவள் நெட்டை அணைத்து வைத்திருக்க வேண்டும், படம் போய்ச் சேரவில்லை.

பிரபாகரன் வந்து வாசலில் நின்றான். ஊரில் பிளக்ஸ் அடிக்கும் பெரிய மிசின் அவனிடம்தான் இருந்தது. "அண்ணே, ரெண்டு மணிக்கு அரசியல் பார்ட்டி ஆர்டர் ஏறுது. ஏறுனா புதன்கெழம ராத்திரிதான் எறங்கும், அப்புறம் அடிச்சுக் கட்ட நேரமில்ல. இப்பவே குடுங்க."

"அந்தம்மா பாக்கணும்."

படத்தைப் பாண்டிராஜுக்கு அனுப்பி, போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்குண்ணே, ஏத்திருங்க" என்றான் அவன். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"மகனே சொல்லிட்டான்ல?" என்றான் பிரபாகரன்.

"நெத்தி அவனோடதா?"

மணி ஒன்று நாற்பது. பட்டாசுக் கம்பெனிக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. எல்லாருடையதையும் கேட்டில் மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைப்பார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சிலர் கேட் வரை வருவதுண்டு. வாட்ச்மேனுக்குக் காது கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

பிரபாகரன் பென்டிரைவுக்காகக் கையை நீட்டியபடி நின்றான். சங்கிலிமுத்து அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பொன்னுத்தங்கத்தின் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.