ஒரு கரண்டி உப்புத் தண்ணீர்

ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் வறுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீவல்கள் பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து, கொதிக்கிற எண்ணெயிலேயே ஊற்றுவோம். சடசடவென்று பெரிய சத்தம் வரும், நுரை பொங்கும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். உப்பு காயில் பிடித்திருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இரண்டடி பின்னால் பாய்வார்கள். அதைப் பார்க்க எனக்கு ஒரு குஷி.

பாறசாலைக்கும் பொழியூருக்கும் நடுவில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சாய்ப்பில் நானும் என் தம்பி பெஞ்சாதியும் சேர்ந்து சிப்ஸ் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தோம். என்னைவிட அவளுக்கு இரண்டு வயதுதான் குறைவு. ஆனால் வாய் எனக்கு, வேலை அவளுக்கு என்று என்றைக்கோ பிரித்துக்கொண்டோம். நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அந்த நாளில் எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஓணத்துக்கு இரண்டு மாதம் முன்பு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுகிற எங்கள் அயல்கூட்டத்துக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். அடுக்களையில் எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க வந்தவர். முதலில் கேஸை அடைக்க வேண்டும், கைக்கு எட்டினால் மட்டும். சட்டியைத் தூக்கக் கூடாது, நகர்த்தவும் கூடாது. உலோக மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூட வேண்டும். மூடியபிறகு ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது, காற்றுப் பட்டால் மறுபடியும் பிடிக்கும். கைமீறினால் எல்லாரும் வெளியே ஓடி வந்து தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். கடைசியாக, "தண்ணி மட்டும் ஊத்தப்பிடாது" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "சாரே, நாங்க டெய்லி எண்ணெயில வெள்ளம் ஊத்துதோம். எண்ணெய்க்கு எங்களத் தெரியும், எங்களுக்கு எண்ணெயையும் தெரியுமாக்கும்!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, நீங்க ஊத்துதது ஒரு கரண்டி, அதும் பாகத்துக்குக் காஞ்ச எண்ணெயில. தீப்பிடிச்ச எண்ணெய் அதவிட எவ்வளவோ சூடு. வெள்ளம் அடியில போன ஒடனே ஆவியாகும். அந்த ஆவி தீயோட எண்ணெயை மேல தூக்கி எறியும்."

"செரி சாரே, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று உட்கார்ந்தேன். மறுபடி சிரிப்பு. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பக்கத்திலிருந்த அவள்தான்.

ஓண வாரத்தில் ஒரு மத்தியானம். காய்க்குலை வர நேரமாகிவிட்டது, சாயங்காலத்துக்குள் பாறசாலைக் கடைக்குச் சரக்கு போக வேண்டும். நேரத்தைப் பிடிக்க அடுப்பை முழுசாகத் திறந்து வைத்தேன். சட்டியில் இருந்தது மூன்று நாள் வறுத்துக் கறுத்த எண்ணெய். பழைய எண்ணெய் புதியதைவிடச் சீக்கிரம் புகையும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். சட்டியின் பெரிய அலுமினிய மூடியைத் தட்டாக்கி, தோலுரித்த காய்களை அடுக்கிப் பின்வாசல் படியில் வைத்ததும் நானே.

அப்போது கடைக்காரர் கூப்பிட்டார். சாய்ப்புக்குள் போன் சரியாகக் கிடைக்காது என்று முற்றத்து ஓரத்துக்குப் போனேன். போன முறை சிப்ஸ் நமத்துப்போயிருந்தது என்றார். அவ்வளவுதான், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டது. சரக்கை ஒழுங்காக மூடி வைக்கத் தெரியாத கடை என்று நான் தொடங்கி, பேச்சு நீண்டுகொண்டே போனது.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "மைனி, எண்ணெய் பொகையுது கேட்டியளா!"

புகைந்தால் அடைக்க வேண்டியதுதான். வேறு யோசனையே தேவையில்லை. நான் போனைப் பொத்திக்கொண்டு கத்தினேன்: "கெடக்கட்டு மக்கா, காய் போட்டா ஆறிரும். இன்னா வாறேன்!"

நான் அடைக்கச் சொல்லாததால் அவள் அடைக்கவில்லை.

பிறகு கேட்டது 'புஸ்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது சட்டிமேல் ஒரு முழ உயரத்துக்குத் தீ நின்றது. அதைக்கூட அடக்கியிருக்கலாம். அவள் உப்புத் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்திருந்தாள். "வேண்டாம்" என்று நான் கத்தியது அவள் காதில் விழுவதற்குள் செம்பு கவிழ்ந்துவிட்டது.

தீ கூரைத் தகரத்தைத் தொட்டு எல்லாப் பக்கமும் விரிந்தது. அவள் அலறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள். வலது கை முழங்கைவரை, கழுத்தின் ஒரு பக்கம் வெந்துபோயிருந்தது.

சிலிண்டர் சுவருக்கு வெளியே இருந்ததால் அடைக்க முடிந்தது. மேலே பொங்கியது எரிந்து அடங்கி, சட்டியில் மட்டும் தீ நின்றது. தூக்கி முற்றத்தில் எறியலாமா என்று கை துடித்தது. தூக்கவில்லை. படிக்கு ஓடி, காய்களைக் கொட்டிவிட்டு, மூடியை முன்னால் பிடித்து ஓரத்திலிருந்து தள்ளி மூடினேன். தீ போய்விட்டது. திறந்து பார்க்கவில்லை. அவள் வளையல்களைக் கை வீங்குவதற்கு முன்பே கழற்றி, கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன், கழுத்திலும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி பற்பசையோடு வந்தாள், அவளை விரட்டினேன். இருபது நிமிடம் கழித்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மறந்திருக்கவில்லை. கேலி பேசிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறேன். அவள் மட்டும் என் கேலியை நம்பினாள்.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். "கை தவறிப்போச்சு" என்றாள் அவள். பிறகு வந்த அத்தனை பேரிடமும் அதையேதான் சொன்னாள். ஊரையே பேசித் தீர்க்கிற என் வாய்க்கு, உண்மையைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. சீவல் கட்டையை அவளால் இனிப் பிடிக்க முடியாது.

இப்போதும் சிப்ஸ் போடுகிறேன். மூடி அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, அதில் வேறு எதையும் வைப்பதில்லை. எண்ணெய் பாதிச் சட்டிக்கு மேல் இல்லை, கறுத்தால் மாற்றிவிடுகிறேன். சூடு பார்க்கக் கம்பி வைத்த வெப்பமானி வாங்கியிருக்கிறேன். அடுப்பு எரியும்போது யார் கூப்பிட்டாலும் போவதில்லை, போக வேண்டுமானால் அடைத்துவிட்டுப் போகிறேன். எல்லாம் இப்போது. அவள் எதிரே உட்கார்ந்து இடது கையால் பாக்கெட் எண்ணுவாள். நான் உப்புத் தண்ணீர்க் கரண்டியை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

மறுவருடம் அதே தீயணைப்புக்காரர் வந்தார். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு, நினைவு வந்தவர்போல என்னைப் பார்த்துச் சிரித்தார். "எண்ணெயைத் தெரிஞ்ச அம்மா இருக்குதியளா?"

நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த அவளுக்குப் புரிந்துவிட்டது. "மைனி, வேண்டாம், இருங்க" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வலது கையால். மடங்காத விரல்களுக்கிடையிலிருந்து துணி நழுவிப் போனது.

"சாரே, இவ கை தவறிப்போகல்ல. நான் அண்ணைக்குச் சொன்னத நம்பித்தான் இவ வெள்ளம் ஊத்தினா" என்றேன்.

அன்று யாரும் சிரிக்கவில்லை.