சுமித்ராவின் சிவப்பு நூல்கள்

எங்கள் நெசவு நிலையத்தில் தறியையும் வாயையும் ஒன்றாக ஓட்டத் தெரிந்தவள் சுமித்ராதான். மாவனல்லைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். துணியில் பழுது விழுந்தால் மற்றவர்கள் நாங்கள் மூச்சு விடமாட்டோம். இவளோ அந்த இடத்துக்கு நேரே கரையில் சிவப்பு நூலைக் கட்டிவைப்பாள். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்கிற மனுஷியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பழுதில்லாத மீட்டருக்கு முந்நூறு ரூபாய், பழுதான மீட்டருக்கு ஒன்றுமில்லை. முற்பணத்துக்காகச் சம்பளத்தில் பாதி வரைதான் பிடிப்பார்கள். பழையது தீராமல் புதியது கிடையாது. தீபாவளி நெருங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கச் சுமித்ராவுக்குப் புதிய முற்பணம் வேண்டும். பழையதில் இன்னும் பதின்மூவாயிரத்து இருநூறு பாக்கி.

சம்பளத் தாள் எழுதும் ஷிப்னா மிஸ், நெய்தது தொண்ணூற்றிரண்டு மீட்டர், கழிவு ஒன்பது மீட்டர் என்று போட்டிருந்தார். அந்தக் கணக்கில் பாதிச் சம்பளம் பன்னிரண்டாயிரத்து நானூற்றைம்பது. பாக்கி தீராது.

"ஒம்பதா? நான் என்ன கண்ண மூடிக்கிட்டா நெய்ஞ்சேன்?" என்றாள் சுமித்ரா.

"ஒம்பது நூல் ஈக்கிதே. நீங்கதானே கட்டின?"

துணியை மேசையில் விரித்து அளந்தோம். ஒரே மீட்டரில் மூன்று நூல்கள். வேறு மூன்று நூல்கள் இருந்த இடங்களில் பழுதே இல்லை. இழையைச் சரிசெய்துவிட்டு, கட்டிய நூலை அவிழ்க்க மறந்திருக்கிறாள் மகராசி! மிஸ்ஸோ துணியைப் பாராமல் நூலை எண்ணியிருக்கிறார். உண்மையில் கழிவு நாலு மீட்டர்தான். எண்பத்தெட்டு மீட்டருக்கான கூலியில் பாதி, பாக்கிக்குச் சரியாக வந்தது. நான் கைதட்டினேன்.

அத்தோடு துணியைச் சுருட்டியிருக்கலாம். சுமித்ரா துணியில் இன்னோர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஊடை இழை தாவியிருக்குங்க மிஸ். நான் கவனிக்கல."

"வாயை மூடு!" என்று அவள் இடுப்பில் கிள்ளினேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இவளுக்கு நல்லவளாக இருக்க வேறு நாளே கிடைக்கவில்லையா?

ஷிப்னா மிஸ் பெருமூச்சு விட்டு ஒரு மீட்டரைக் குறைத்தார். "இப்ப நூற்றைம்பது ரூபா குறையுது, சுமித்ரா அக்கா."

சுமித்ரா பஸ் காசை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மிஸ் ரசீது போட்டு, பாக்கி இருந்த இடத்தைக் கோடிழுத்து மூடினார். உடனே புதிய முற்பணத்தை எழுதப் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்," என்றாள் சுமித்ரா. தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இந்த நெலையத்துக்கு வந்து ஆறு வருஷமாச்சு. கடன் இல்லாம என் பேரு இருக்கிறத ஒரு தடவ பாத்துக்கிறேன்."

மிஸ் பேனாவை மூடி வைத்தார். அவள் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.