பொன்விழாப் படத்தில் ஒரு ஸ்கூட்டர்

பத்திரிகை ஆபீஸ் படக்கிடங்கில் தேதியில்லாத படங்களுக்கு வயது சொல்பவருக்குப் பட்டப்பெயர் ‘காலண்டர்’. எதிர்க்கடைக்காரர் நாற்பத்தைந்தாம் ஆண்டு விழா கொண்டாடிவிட்ட வயிற்றெரிச்சலில், அவருடைய மாமனார் தன் கடைத் திறப்பு விழாப் படத்தோடு வந்தார்.

“என் பெல்பாட்டத்தைப் பாருங்க மாப்பிள்ளை, அம்பது வருஷம்! நம்ம கடைப் பொன்விழா மலர்ல போட்டுடுங்க.”

“பழைய பேன்ட்டை எப்பவும் போடலாம் மாமா. வராத ஸ்கூட்டரை ஓட்ட முடியாதே. பின்னால நிக்கிற மாடல் வந்தே நாப்பது வருஷம்தான்.”

“அப்ப ஸ்கூட்டரை வெட்டுங்க.”

வெட்டினார். பக்கத்துக் கடை விளம்பரப் பலகையில் ஏழு இலக்க போன் நம்பர். ஊருக்கு அது வந்தது இன்னும் பிந்தி. குடும்ப அமைதி கருதி அதையும் வெட்டினார்.

பொன்விழா மலரில் முழுப்பக்கத்துக்குப் பெரிதாக்கிய பெல்பாட்டம் மட்டும், ஃபிலிமின் புள்ளிகள் ரவை ரவையாகத் தெரிய, கம்பீரமாக வெளிவந்தது.