பரவையில் நிற்காத பஸ்

கரிப் புகை நெடி தலைமயிரில் ஏறினால் லேசில் போகாது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு ஓடிய திண்டுக்கல் பஸ், பரவையில் எங்கள் முகத்தில் அந்தப் புகையை அடித்துவிட்டு நிற்காமல் போகும். வாடிப்பட்டியிலேயே ஆள் நிறைந்துவிடும். கண்டக்டர் இடமில்லை என்று கையை விரித்துக் காட்டுவான். அதற்கு எங்கள் ஊரில் "கைலாசம் காட்டுறது" என்று பெயர்.

அந்த வருஷம் பரவையிலிருந்தே புறப்பட்டு, விளாங்குடி வழியாக மதுரைக்குக் காலையில் போய்ச் சேரும்படி ஒரு புதுப் பஸ்ஸுக்கு ஒருவர் பெர்மிட் கேட்டிருந்தார். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. "பஸ் வந்தா டவுன் பள்ளிக்கூடம், வரலைன்னா வீடு. பொட்டப்புள்ளைய அம்புட்டுத் தூரம் நடக்கவிட மாட்டேன்" என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

விண்ணப்பத்தைக் கெஸட்டில் போட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பழைய பஸ் முதலாளி கொடுத்தார். பக்கத்திலேயே தண்டவாளம் இருக்கிறதே என்று ரயில்காரர்களும் கொடுத்தார்கள். ரயிலேறச் சமயநல்லூருக்குப் பின்னோக்கி நடக்கவேண்டும் என்பதை அவர்கள் எழுதவில்லை. ஊருக்காகப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டு, பேசும் பொறுப்பை மதுரையில் டீச்சராக இருந்த என் சலோமி அத்தையிடம் விட்டது. தினமும் விடியுமுன் டவுனுக்கு நடந்து போகிறவள் அவள்தான்.

விசாரணை கலெக்டர் கச்சேரியில். "விடியக்காலம் மாட்டு வண்டியில வந்துருங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு முதல் மாட்டு வண்டியில் போய்விட்டாள்.

அதிகாரிகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருக்கிற பஸ் போதுமா, ரோடு தாங்குமா, ஜனங்களுக்கு நன்மையா என்பதுதான் அவர்கள் பார்க்க வேண்டியது. அத்தையும் அந்தக் கேள்விகளை ஒட்டியே பேசினாள். மாயாண்டி அண்ணன் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் கத்திரிக்காய் வெயிலில் துவண்டு, சந்தையில் ஏறிட்டுப் பார்க்க ஆளில்லாமல் போனதைச் சொன்னாள். பாண்டியம்மாள் மகளுக்கு வலி எடுத்து, கைகாட்டிய பஸ் நிற்காமல், விளாங்குடி தாண்டி மாட்டு வண்டியிலேயே பிள்ளை பிறந்ததைச் சொன்னாள். "பஸ் இந்த ரோட்டில் ஓடுகிறது என்பது உண்மை. அதில் நாங்கள் ஏற முடிவதில்லை என்பதும் உண்மை" என்றாள். தலைவர் குறிப்பெழுதினார். எனக்குப் பள்ளிக்கூட மணியே காதில் கேட்டது.

பழைய முதலாளியின் வக்கீல் மாயாண்டி அண்ணனைத்தான் கூப்பிட்டார். "இன்னைக்கு எதுல வந்தீங்க?"

"முதலாளி பஸ்லதாங்கய்யா. வீட்டு வாசல்லயே நிப்பாட்டி ஏத்திக்கிட்டாரு."

"இடம் இருந்துச்சா?"

"தாராளமா இருந்துச்சு."

"பஸ்ஸால உங்களுக்கு ஏதாச்சும் கொறையா?"

முதலாளி எதிரிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாயாண்டி அண்ணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். பிள்ளை பிறந்த கதையைச் சொல்ல அதே பஸ்ஸில் வந்திருந்த பாண்டியம்மாளும் தலை குனிந்துகொண்டாள்.

அத்தை மறுபடி எழுந்தாள். "பஸ் நின்னதை இவங்க அதிசயமாச் சொல்றாங்களே அய்யா, தினமும் நின்னா யாராவது இப்படிச் சொல்வாங்களா?" தலைவர்கூடச் சிரித்தார். ஆனால் சிரிப்பைத் தீர்ப்பில் எழுதமாட்டார்கள். இருக்கிற பஸ்ஸே போதுமானது, அது பரவையில் நின்று ஏற்றிச் செல்லவேண்டும் என்று பின்னால் உத்தரவு வந்தது. சில நாள் நின்றது. பிறகு பழையபடி கைலாசம்தான்.

விசாரணை அன்றே, கச்சேரி வாசலில் அத்தை மாயாண்டி அண்ணனைக் கேட்டுவிட்டாள். "ஏண்ணே, கண்ணால பார்த்ததைச் சொல்றதுக்கு என்ன?"

"வண்டி அனுப்பிக் கூட்டியாந்த மனுசன டீச்சரம்மா, மூஞ்சிக்கு நேரா எப்படிக் கொறை சொல்றது? சோறு போட்ட வீட்டுல உப்பு இல்லைன்னு சொல்லுவமா?"

இந்தப் பாழாய்ப்போன மரியாதையை என்ன செய்வது? எரிகிற வீட்டிலும் விருந்தாளியை முதலில் உட்காரச் சொல்லும் ஜனங்கள். அப்பாவும் சொன்ன சொல் மாறவில்லை. இன்று நான் எழுதுகிற தமிழ், அத்தை பள்ளியிலிருந்து கொண்டுவந்து தந்த புத்தகங்களில் பொறுக்கியது.

இப்போது கரி பஸ்ஸும் இல்லை, அந்த முதலாளியும் இல்லை, மாயாண்டி அண்ணனும் போய்ச் சேர்ந்தார். பரவையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ் நிற்கிறது. காலையில் பை சுமந்த பெண்பிள்ளைகள் இடித்துத் தள்ளி ஏறுகிறார்கள். ஒருநாள் நான் ஓரமாக நிற்பதைப் பார்த்துக் கண்டக்டர், "ஏறுங்கம்மா, இடம் கெடக்கு. எங்க போகணும்?" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு என்று வாய்வரை வந்தது. "இல்லப்பா, நீ போ" என்று சொல்லிவிட்டேன்.