விடுபட்ட வரி

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை; அந்த வயதில் பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் வேறொன்றும் கிடையாது. மகாராஜா ஆட்சியில், மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய சிஸ்டர் இங்கிலீஷில் பாடம் நடத்துவார். அதே வேகத்தில் தமிழில் எழுதிக்கொள்ள என்னால்தான் முடிந்தது. தமிழ்ப் பெண்கள் எல்லாரும் என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். இரவல் கொடுக்கும்போது கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்வேன்.

விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு, வயிற்றுக்குள் பால் ஊற்றும் பாடம் இரண்டு பக்கம் வந்தது. மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் அடி வரை குழாயை அளந்து குறி வைக்க வேண்டும். உள்ளே விட்டதும் சிரிஞ்சால் இழுத்து, வருகிற நீரை நீல லிட்மஸ் தாளில் தொட வேண்டும். தாள் சிவந்தால் குழாய் வயிற்றில் இருக்கிறது. சிவக்காவிட்டால் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். பாலை வடிகட்டி மெதுவாக விட வேண்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். முடிந்த பிறகும் அரைமணி நேரம் தலையைத் தாழ்த்தக் கூடாது.

எல்லாம் சரி. ஆனால் லிட்மஸ் சோதனையைக் குழாய் விடும் பகுதியில் மட்டும் எழுதியிருந்தேன். பால் ஊற்றும் பகுதியில், மூக்கருகே குறி நகராமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதோடு சரி. ஒவ்வொரு வேளையும், வாந்தி எடுத்தால் கட்டாயமாக, மறுபடி சோதிக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்ன வரி பக்கம் திருப்பும்போது விடுபட்டுப்போயிற்று. சிஸ்டருக்குத் தமிழ் படிக்க வரும், பெங்களூர் தண்டில், கன்டோன்மென்ட் பகுதியில், தமிழர் நடுவே வளர்ந்தவர். அவரும் கவனிக்காமல் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட்டுவிட்டார். காதால் கேட்டதால் நான் சோதித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று காய்ச்சலில் கிடந்து பாடத்துக்கு வராதவள் என் அறைத்தோழி ஒருத்திதான். கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்துக்காரி. அவளுக்குக் கிடைத்த பாடம் என் நோட்டு மட்டுமே.

எங்கள் வார்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோய் தணிந்தும் தொண்டைத் தசை செயலற்றுப்போய், குடித்த பால் மூக்கு வழியே திரும்பி வந்தது. அதனால்தான் குழாய். ஒரு நாள் காலையில் அது வாந்தி எடுத்தது. தாய் துடைத்துவிட்டாள். பத்து மணிப் பாலுக்குத் தோழி வந்தாள். குறியைப் பார்த்தாள், மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியபடி அப்படியே இருந்தது. உள்ளே குழாய் வாந்தியோடு மேலேறித் தொண்டையில் சுருண்டிருந்தது. அவள் ஊற்றினாள்.

அந்தக் குழந்தைக்கு இருமக்கூடச் சக்தியில்லை. அடுத்த கட்டிலில் இருந்த நான் திரும்பியபோது உதடு நீலமாகியிருந்தது. ஓடிப்போய்க் குழாயைக் கிள்ளிப் பிடித்து உருவினேன். ஒருக்களித்துத் தலையைத் தாழ்த்தினேன். மூச்சு வந்தது. ஆனால் பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. சாயங்காலம் ஜுரம் கண்டது. மூன்றாம் நாள் குழந்தை இறந்துபோயிற்று.

ஏன் சோதிக்கவில்லை என்று டாக்டர் தோழியைக் கேட்டார். "குறியப் பாத்தேனுங்க" என்றாள். அவளை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று.

என் நோட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டர் அறைக்குப் போனேன். "என் தப்பு சிஸ்டர், இந்த வரிய நான் விட்டுட்டேன்" என்றேன். அவர் பக்கத்தைப் படித்தார். கீழே தம்முடைய கையெழுத்தையும் பார்த்தார். நோட்டை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

"நீ நல்லா படிக்கிற பொண்ணு. போய் வார்டைப் பாரு."

டாக்டர் அறை அடுத்த கதவுதான். நான் வார்டுக்குப் போனேன். சிஸ்டர் சொன்னதால் போனேன் என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான்.

மறுநாள் மத்தியானம் அவளைக் கொள்ளேகால் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு வேளையும் லிட்மஸ் வெச்சுப் பாக்கோணும்னு சிஸ்டர் சொன்னாங்களா புள்ள?"

"சொன்னாங்க."

அவள் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்பொ உன்ற நோட்டப் பாத்து எழுதறப்ப நாந்தான் அந்த வரிய உட்டுப்போட்டேன்."

பஸ் உறுமத் தொடங்கியிருந்தது. ஆனாலும் பதில் சொல்ல நேரம் இருந்தது. நான் அவள் பெட்டியை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தேன்.