போகாத பண்பொழிக்குப் போன வாடகை

தூக்கத்திலேயே பண்பொழி மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன் என்று ஒரு கால் மணி நேரம் நான் உண்மையாகவே நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒன்றை ஒத்துக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி என் கையில் இருந்தது. செல்போனில், வரைபடத்தில், நீலக் கோடாக.

அன்று எனக்கு விடுப்பு. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. விடிந்ததும் குற்றாலம் போய் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, திரும்புவதற்கு ஆட்டோ விசாரித்தேன். தென்காசிக்கு முந்நூற்றைம்பது என்றார் ஒருவர். நான் செல்போனை எடுத்து வாடகைக் கார் செயலியில் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய் காட்டியது. பதிவு செய்யும் முன் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'பார்த்தியா மாப்ள, இதுதான் காலம்' என்று மச்சினனுக்கு அனுப்பினேன். பெருமைக்கு எடுத்த படம்தான்.

அருவியில் குளித்தவனுக்குக் காரில் உட்கார்ந்தால் கண் சொருகும். எனக்குச் சொருகவில்லை, அடைத்தே விட்டது. வீட்டு வாசலில் ஓட்டுநர் தம்பி எழுப்பினது மங்கலாக ஞாபகம். பணம் எண்ணிக் கொடுக்கிற வேலை கிடையாது. பயணம் முடிந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானே போய்விடும். என் மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருந்தாள். டீச்சர். பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் படுத்தேன்.

பதினோரு மணிக்கு மேல் அவள் போன்தான் எழுப்பியது. கூட்டுக் கணக்கு, குறுஞ்செய்தி அவள் எண்ணுக்குத்தான் போகும்.

"காருக்கு எவ்வளவு கொடுத்திய?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"தொள்ளாயிரத்து அறுபத்து நாலு போயிருக்கு. எங்கனல்லாம் சுத்துனிய?"

செயலியைத் திறந்து பார்த்தேன். நீலக் கோடு ஐந்தருவியில் தொடங்கி எங்கள் தெருவுக்கு வந்து, நிற்காமல் செங்கோட்டை வழியாகப் பண்பொழி போய், மலையேறி, திரும்பச் செங்கோட்டை வரைக்கும் வந்து முடிந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. படித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

"முட்டு வலிக்குன்னு ரெண்டு வருசமா என்னைய அங்க கூட்டிட்டுப் போகல. இப்பம் தனியாப் போய்ட்டு வந்தாச்சு. சாமி கும்பிட்டியளா, இல்ல அதுலயும் தூக்கமா?"

உட்கார்ந்த இடத்தில் முழங்காலை அமுக்கிப் பார்த்தேன். வலித்தது. படியேறியிருப்பேனோ என்ற பயம் வந்துவிட்டது. சட்டைப் பையில் திருநீறு ஒட்டியிருக்கிறதா என்றுகூடத் தேடினேன். பணம் போனது பெரிதில்லை. அவளை விட்டுவிட்டு முருகனைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற பேர் நின்றுவிட்டால் மிச்ச ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும்.

வண்டி செங்கோட்டையில் நின்ற நேரத்தில் நான் என் கட்டிலில் கிடந்தேன் என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. புகார் கொடுத்தேன். செயலியில் அந்தப் பயணத்தைத் தொட்டு, 'உதவி' என்பதைத் தொட்டு, 'மதிப்பிட்டதைவிடக் கட்டணம் அதிகம்' என்பதைத் தொட்டால் ஒரு கட்டம் வரும். அதில் 'ஐயா, நான் ஒரு மத்தியதரக் குடும்பத்தைச் சேர்ந்தவன்' என்று ஆரம்பித்து, ரேசன் கடைக்கு மனு எழுதுவதுபோல் எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில். காட்டியது உத்தேசக் கட்டணம்தானாம். வண்டி ஓடிய தூரத்துக்கும் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் கட்டணம் சரியாம். மனுசன் படித்திருந்தால் இரண்டு நிமிடம் போதாது. என் மத்தியதரக் குடும்பத்தை மெசின்தான் தள்ளுபடி செய்திருக்கிறது.

சாயங்காலம் மனைவி வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல், "அந்த நீலக் கோட்டக் காட்டுங்க" என்றாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அண்ணாச்சி பிரசாதப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"பண்பொழி திருமலக்கோயில் பிரசாதம். உங்க புண்ணியத்துல நல்ல தரிசனம்."

"எங்க புண்ணியமா?" என்றாள் மனைவி.

"ஆமா தாயி. காலைல நானும் வீட்டம்மாவும் ஆட்டோ கெடைக்காம வாசல்ல நின்னோம். சார் கார்ல இருந்து எறங்குனாவ. 'வண்டி சும்மாதான அண்ணாச்சி போவுது, ஏறுங்க. தம்பி, இவங்களப் பண்பொழில விட்டுக் கூட்டிட்டு வா'ன்னு கதவ அவங்களே தொறந்து ஏத்தி விட்டாவ. கண்ணு மட்டும் மூடி இருந்திச்சு."

எங்கள் ஊரில் இது வழக்கம். ஒருவர் இறங்குகிற ஆட்டோவில் அடுத்தவரை ஏற்றிவிட்டால் ஒரு உபகாரம் செய்த திருப்தி. பேரம்கூட நாமே பேசி முடித்துக் கொடுப்போம். ஆட்டோவுக்குச் சரி. இந்தக் காருக்கு, ஓட்டுநர் தன் போனில் பயணம் முடிந்தது என்று அழுத்துகிற வரைக்கும் உள்ளே இருப்பது யாரானாலும் செயலிக்கு அது நான்தான்.

அண்ணாச்சி அறுநூறு ரூபாயை அந்தத் தம்பிக்குப் போனில் அனுப்பியிருந்தார். எண் இருந்தது. கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அய்யோ அண்ணாச்சி, நீங்க ஏத்துன வேகத்துல முடிக்காமலே எடுத்துட்டேன்," என்றான் தம்பி. "திரும்பி வரும்போது செங்கோட்டைல பாத்துதான் அமுக்குனேன். அதுக்குள்ள வாடகை ஏறிட்டு. நானே கூப்பிடலாம்னா, ட்ரிப் முடிஞ்ச பொறவு சார் நம்பருக்குப் போன் போகல. ஆபீசுல எழுதுங்க, என்னையக் கேட்டா உள்ளதச் சொல்லுதேன். ரேட்டிங்ல மட்டும் கைய வச்சிராதிய."

பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிறவள் கையில் என் செல்போன் போனது. முதல் மனுவை வாசித்தாள்.

"மத்தியதரக் குடும்பம் எதுக்கு? எங்க எறங்குனிய, எத்தன மணிக்கு எறங்குனிய, அதத்தான எழுதணும்?"

"எட்டரை இருக்கும்."

"இருக்கும்னா எவன் நம்புவான்? எட்டரைக்கு நீங்க தென்காசில இருந்ததுக்கு அத்தாட்சி என்ன?"

அத்தாட்சி இருந்தது. சொல்லத்தான் மனமில்லை. இறங்கினதும் படுக்கப் போகும் முன், தெருமுக்குக் கடையில், அவளுக்குக் குறுஞ்செய்தி போகாத போன் வாலட்டிலிருந்து முப்பது ரூபாய் கொடுத்த கணக்கு, எட்டு நாற்பத்தொன்று என்று நேரத்தோடு இருந்தது. முப்பது ரூபாய்க்கு அங்கே கிடைப்பது மூன்று உளுந்த வடை. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

எழுநூற்றுச் சொச்சமா, மானமா என்று யோசித்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

"மூணா?" என்றாள்.

"ரெண்டுதான். ஒண்ணு சின்னது."

அண்ணாச்சி பிரசாதத்தை மேசைமேல் வைத்துவிட்டு மெல்ல நழுவினார்.

மனைவி நாலே வரி எழுதினாள். எட்டு முப்பத்தைந்துக்கு இந்தத் தெருவில் இறங்கிவிட்டேன், ஓட்டுநர் முடிக்க மறந்து வேறு ஆட்களை ஏற்றிச் சென்றார், ஏற்றிவிட்டது நான்தான், அவர்மேல் குறையில்லை. கூடவே மூன்று படம்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு காட்டிய திரை, எங்கள் தெருவைத் தாண்டிப் போகிற நீலக் கோடு, வடைக் கணக்கு. முடிந்த புகாரையே மறுபடி திறந்து அனுப்பினாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து மெசின் இல்லாமல் ஒரு ஆளே எழுதினார். இறங்கிய இடத்தின் அடையாளம் கேட்டார், சொன்னோம். ஓட்டுநரிடமும் கேட்டார்களாம். கட்டணத்தை நூற்றுத் தொண்ணூற்றெட்டாக மாற்றிவிட்டதாகவும், மிச்சம் ஐந்து வேலை நாளுக்குள் வரும் என்றும் பதில் வந்தது.

நான்காம் நாள் எழுநூற்று அறுபத்தாறு ரூபாய் கணக்குக்குத் திரும்பி வந்தது. குறுஞ்செய்தி அவளுக்குத்தான் போனது.